நெடுநாள் குடித்தனக்காரருக்கு வாடகைச் சலுகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஒன்றிரண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்குப் போடும் இடங்களில் எல்லாம் ஒரே வீட்டைத்தான் எடுத்துக்கொண்டோம். கும்பகோணத்தில் ஒரு மெத்தை வீடு, மாதம் 8,000 ரூபாய் வாடகை, ஆறு வருடமாக ஒரே குடும்பம், ஒப்பந்தப்படி வருடத்துக்கு 5 சதவீதம் உயர்வு. உங்கள் வாடகை எவ்வளவோ அதை அந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருஷமா ஒரே குடும்பம் இருக்காங்க. வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்காங்க. ஏதாவது செய்யணும்னு தோணுது, எவ்வளவு செய்யலாம்?

வருடத்துக்கு அரை மாத வாடகை, அதாவது 4,000 ரூபாய் வரை செய்யலாம். வருட வாடகை 96,000 ரூபாயில் இது 4 சதவீதத்துக்குச் சற்று மேல். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது போன்ற செலவுகள் போக மீதமிருப்பதில் இதைத் தாராளமாகத் தாங்கலாம். வாங்குகிறவர்களுக்கும் ஒரு மளிகைச் சிட்டை அடையும் அளவுக்குக் கைக்குத் தெரியும்.

முதல் முறை கால் மாத வாடகையில் தொடங்குவதே நல்லது. 2,000 கொடுத்துவிட்டு அடுத்த வருடம் 3,000 ஆக்குவது எளிது. 4,000 கொடுத்துவிட்டு மறு வருடம் 2,000 என்றால், நாம் என்ன தப்பு செய்தோம் என்று அவர்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

அவங்க எங்கயும் போகப் போறதில்ல. அப்புறம் எதுக்கு நான் காசை விடணும்?

ஒரு குடித்தனம் மாறினால் என்ன செலவாகும் என்று எழுதிப் பாருங்கள். நம் பக்கம் ஆனிக் கடைசியில் வீடு காலியானால் ஆடி முழுக்க யாரும் பால் காய்ச்ச வர மாட்டார்கள். ஆவணி பிறந்து, நாலு பேர் வந்து பார்த்து, நல்ல நாள் குறித்துக் குடிவருவதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிடும். வாடகையில் 12,000 ரூபாய் போயிற்று. தரகருக்கு அரை மாத வாடகை 4,000. உள்ளே முழுக்க வெள்ளையடிக்க 18,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த முழுத் தொகையையும் இந்தக் கணக்கில் ஏற்றக் கூடாது. குடித்தனம் மாறாவிட்டாலும் இன்னும் சில வருடத்தில் வெள்ளையடிக்கத்தான் வேண்டும், அது முன்கூட்டி வந்துவிட்டது, அவ்வளவுதான். பாதியை, 9,000 ரூபாயை மட்டும் சேர்த்தால் மொத்தம் 25,000.

வருடத்துக்கு 4,000 வீதம் ஆறு வருடச் சலுகை 24,000. ஆறு வருடத்தில் ஒரே ஒரு மாறுதல் தவிர்ந்தாலே போட்ட பணம் திரும்பிவிடுகிறது. புதிதாக வருபவர் எப்படிப்பட்டவரோ என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில், மாமனார் வீடு அடுத்த தெருவில் என்று அவர்கள் உண்மையிலேயே நகர முடியாத நிலையில் இருந்தால் மேலே சொன்ன கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அப்போது நீங்கள் கொடுப்பது அவர்கள் தங்கியிருப்பதற்காக அல்ல, வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காக. அதன் மதிப்பு என்ன என்பதை நாலாவது கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

வாடகைய மாசா மாசம் கொறைக்கறதா, ஒரே தடவையா குடுக்கறதா, இல்ல இந்த வருஷம் ஏத்தாம விட்டுடறதா?

ஒரே தடவையாகக் கொடுங்கள். மூன்றும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

‘இந்த வருஷம் ஏத்தல’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தப்படி உயர்த்தியிருந்தால் 8,000 ரூபாய் வாடகை முதல் வருடம் 8,400, இரண்டாம் வருடம் 8,820, மூன்றாம் வருடம் 9,261 ஆகியிருக்கும். ஒரு வருட உயர்வை விட்டுவிட்டால் 8,000, 8,400, 8,820 என்று வாடகை எப்போதும் ஒரு படி பின்னாலேயே வரும். முதல் வருடம் மாதம் 400 வீதம் 4,800 குறைகிறது. இரண்டாம் வருடம் 5,040, மூன்றாம் வருடம் 5,292. மூன்று வருடத்தில் 15,132 ரூபாய். அவர்கள் இருக்கும்வரை இது தொடர்ந்துகொண்டே இருக்கும், தொகையும் வருடா வருடம் கூடும். வருடத்துக்கு ஒருமுறை 4,000 கொடுத்திருந்தால் மூன்று வருடத்துக்கு 12,000தான், அடிப்படை வாடகையும் கலையாது. அதிலும் வேதனை என்னவென்றால், ஏற்றாமல் விட்டதை மூன்றாம் மாதமே எல்லோரும் மறந்துவிடுவார்கள். நீங்கள் மட்டும் 15,000 ரூபாயை விட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மாதா மாதம் 333 ரூபாய் குறைப்பதிலும் இதே சிக்கல்தான். நாலு மாதம் 7,667 ரூபாய் அனுப்பினால் அதுதான் வாடகை என்று மனசில் பதிந்துவிடும். பிறகு 8,400 என்னும்போது 733 ரூபாய் ஏற்றியதாகத் தோன்றும்.

அதனால் உயர்வை ஒப்பந்தப்படி வாங்குங்கள். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் பாதி வாடகை வாங்குங்கள். எந்த மாதம் என்பது முக்கியம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன், தீபாவளி வரும் ஐப்பசி, பொங்கல் வரும் தை ஆகியவை கை இறுகும் மாதங்கள். இதில் ஒன்றைத் தேர்ந்து வருடா வருடம் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

‘நல்லா வச்சிருக்காங்க’ன்னு எதை வச்சு சொல்றது? கூட்டிப் பெருக்கினா போதுமா?

கூடம் பளபளவென்று இருப்பதும் வாசலில் கோலம் இருப்பதும் அவர்கள் வாழும் அழகு. உங்கள் கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது வேறு சில இடங்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் வீட்டைச் சோதிக்கும். ஆகவே தண்ணீர் போகும் வழிகளைப் பாருங்கள்.

மெத்தை வீட்டில் முதலில் மொட்டைமாடிக்குப் போங்கள். மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் வேப்பிலை, தென்னங்கீற்றுத் துணுக்கு, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இரவு முழுக்கத் தண்ணீர் தேங்கி, தட்டோட்டின் இணைப்புகள் வழியாகக் கீழே ஊறும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். சில வருடம் கழித்துக் கூரையின் அடிப்பக்கக் காரை பெயர்ந்து, துரு ஏறிய கம்பி பல்லைக் காட்டும். மழை விட்டு ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும். குழாய் வாயைச் சுற்றித் தாம்பாளம் அகலத்துக்குக் கரும்பச்சைப் பாசி வட்டம் இருந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. தட்டோடு எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இருந்தால் யாரோ தூறலிலும் மேலே ஏறி வழித்துவிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வேலைக்கே நீங்கள் கொடுக்கும் 4,000 தகும்.

அடுத்தது கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் முளைக்கும் அரசஞ்செடி. இரண்டு இலை விடும்போது விரலால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். ஒரு வருடம் விட்டால் வேர் செங்கலுக்கு நடுவே இறங்கிவிடும். பிறகு வெட்ட வெட்டத் துளிர்க்கும், கடைசியில் அந்தச் சுவர்ப் பகுதியைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

முற்றம் வைத்த ஓட்டு வீடு என்றால் பார்க்க வேண்டியது ஓடு. பூனையும் குரங்கும் ஓடினால் நாட்டு ஓடு நகரும். ஒரு ஓடு நகர்ந்த இடத்தில் சொட்டும் தண்ணீர் நேரே ரீப்பரிலும் கைமரத்திலும் விழும். சில மழைக்காலம் அப்படி நனைந்த மரம் உளுத்துப்போகும், கரையானும் வந்து சேரும். ஓட்டை மாற்றுவது அரை நாள் வேலை. கைமரத்தை மாற்றுவது கூரையையே பிரிக்கும் வேலை.

சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள குழாய், குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஆகிய இரண்டு இடங்களிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமான அளவுகோல் ஒன்று உண்டு. பழுது தெரிந்த அன்றைக்கே உங்களுக்குச் சொல்கிறார்களா? ‘அண்ணே, கூடத்துல ஒரு மூலையில சொட்டுது’ என்று மழையிலேயே போன் செய்கிறவர்தான் வீட்டைக் காப்பாற்றுகிறவர். தை மாதம் வந்து ‘அது ரெண்டு மாசமா சொட்டிக்கிட்டுத்தான் இருக்கு’ என்கிறவர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தக் கணக்கில் சேர மாட்டார். சுவரில் ஆணி அடித்தது, பிள்ளைகள் கிறுக்கியது எல்லாம் வெள்ளையடித்தால் போய்விடும். அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதையெல்லாம் பாக்க வீட்டுக்குள்ள போகணுமே. சங்கடமா இருக்காதா?

திடீரென்று போய் நின்றால் சங்கடம்தான். முதல் நாளே சொல்லிவிட்டு, அவர்களுக்குத் தோதான நேரத்தில், பகலில் போங்கள். சொல்லாமல் நுழையும் உரிமையைச் சட்டமும் வீட்டுக்காரருக்குத் தரவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை போதும். மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒருமுறை, மழை ஓய்ந்த பிறகு தையில் ஒருமுறை. படுக்கையறை அலமாரி, பூஜை அலமாரிப் பக்கம் போகத் தேவையில்லை. மேலே சொன்ன இடங்களைப் பார்க்கக் கால் மணி நேரம் ஆகும்.

புரட்டாசியில் போகும்போது ஓடு மாற்றுகிறவரையோ கொத்தனாரையோ கையோடு கூட்டிக்கொண்டு போனால், குறை தேட வந்திருக்கிறார் என்ற எண்ணமே அவர்களுக்கு வராது.

பணமா வேணாம், பொருளா குடுக்கணும்னா என்ன குடுக்கலாம்?

உங்களுக்கு நிலம் இருந்தால் அரிசியைவிடப் பொருத்தமானது இல்லை. 25 கிலோ மூட்டை ஒன்று கொடுங்கள். ஆனால் தை, மாசியில் சம்பா அறுத்த கையோடு அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். புது அரிசி குழைந்துபோகும், பொங்கலுக்குத்தான் ஆகும், தினப்படிச் சோற்றுக்கு ஆகாது. போன வருடத்து நெல்லை அரைத்துக் கொடுங்கள். அது இல்லையென்றால் இந்த நெல்லை ஆறு மாதமாவது போட்டுவைத்து, பிறகு அரையுங்கள். அவர்கள் வீட்டில் புழுங்கலா பச்சையா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம்.

பத்து வருடம் நிறைவு மாதிரி பெரிய சந்தர்ப்பம் என்றால் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் தட்டு என்று நம் ஊர்ப் பொருளே இருக்கிறது. எல்லா வீட்டிலும் விளக்கு புழங்காது, தட்டிலும் சாமி உருவம் இருக்கலாம். அவர்கள் வழக்கம் அறிந்து வாங்குங்கள். வேட்டி சேலை எடுப்பதாக இருந்தால் அந்த வருடம் அவர்கள் வீட்டில் துக்கம் ஏதும் உண்டா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பண்டிகை கொண்டாடாத வருடத்தில் பண்டிகைத் துணியோடு போய் நிற்கக் கூடாது.

சீலிங் ஃபேன் மாற்றியது, குளியலறைக்கு டைல்ஸ் போட்டது ஆகியவற்றைப் பரிசு என்று சொல்லாதீர்கள். அவர்கள் காலி செய்யும்போது ஃபேனைக் கழற்றிக்கொண்டு போகப் போவதில்லை. அது உங்கள் வீட்டுக்கு நீங்கள் செய்துகொண்டது.

இவ்வளவு வருஷப் பழக்கம். வாயால சொன்னா போதாதா, எழுதித் தரணுமா?

நாலு வரி எழுதுங்கள். அவநம்பிக்கையால் சொல்லவில்லை. நாளைக்கு உங்கள் மகனோ அவர் மனைவியோ கணக்குப் பார்க்கும்போது, ‘தையில பாதி வாடகைதான் வந்திருக்கு, பாக்கியா?’ என்று கேட்கக் கூடாது. வாசகம் இப்படி இருக்கலாம்:

‘2026 ஜனவரி மாத வாடகை ரூ. 8,000-இல், வீட்டை நன்றாகப் பராமரித்து வருவதைக் கருதி ரூ. 4,000-ஐ இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். மீதி ரூ. 4,000 பெற்றுக்கொண்டேன். மாத வாடகை ரூ. 8,000 என்பதிலும் ஒப்பந்தத்தின் மற்ற விதிகளிலும் மாற்றம் இல்லை.’

கீழே தேதி, இருவர் கையெழுத்து. ஆளுக்கு ஒரு பிரதி. வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கினாலும் ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். ‘இந்த ஒரு மாதத்துக்கு மட்டும்’ என்ற சொற்கள் விட்டுப்போகக் கூடாது.

ஒன்றை நினைவில் வையுங்கள். வர வேண்டிய தொகையைப் பதிலுக்கு எதையும் வாங்காமலே விட்டுக்கொடுக்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே விட்டுக்கொடுத்த 4,000-ஐப் பிறகு கோபம் வந்தபோது பாக்கி என்று கேட்க முடியாது. கேட்கவும் கூடாது.

தள்ளுபடி குடுத்த மாசத்துக்கும் ரசீதுல 8,000னு போட்டுக் குடுங்க, ஆபீஸ்ல காட்டணும்கறாங்க. போடலாமா?

போடக் கூடாது. பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பவர் உண்மையில் கொடுத்த வாடகையைத்தான் காட்ட வேண்டும். வருடம் 92,000 கொடுத்துவிட்டு 96,000 என்று காட்டினால் அது பொய்க் கணக்கு, உங்கள் கையெழுத்தும் அதில் இருக்கும். வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் உங்கள் பான் எண்ணையும் அவர்கள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அப்போது இரண்டு பக்கக் கணக்கும் நேருக்கு நேர் நிற்கும்.

உங்களுக்கும் இதில் நட்டம் உண்டு. ரசீதில் 96,000 இருந்தால் கைக்கு வராத 4,000-க்கும் சேர்த்து நீங்கள் வருமானம் காட்ட நேரும். மேலே கொடுத்த வாசகத்தின்படி ‘பெற்றது 4,000, விட்டுக்கொடுத்தது 4,000’ என்று எழுதினால் இருவருக்கும் தொல்லை இல்லை. ரசீதில் முழுத் தொகை வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தால், அந்த மாதம் முழு வாடகையை வாங்கிக்கொண்டு சலுகையை அரிசியாகவோ பொருளாகவோ கொடுத்துவிடுங்கள்.

வருஷா வருஷம் குடுத்தா அது வழக்கமாயிடாதா? அப்புறம் நிறுத்த முடியுமா?

‘இந்த ஒரு மாதத்துக்கு மட்டும்’ என்று ஒவ்வொரு வருடமும் எழுதியிருந்தால் சட்டப்படி நிறுத்தலாம். மனசில் வழக்கமாகிவிடுவதை மட்டும் காகிதம் தடுக்காது. பெரும்பாலும் நிறுத்துவதால் தகராறு வருவதில்லை, சொல்லாமல் நிறுத்துவதால்தான் வருகிறது. பொங்கலுக்குப் பாதி வாடகை என்று எதிர்பார்த்து அவர்கள் ஒரு செலவை ஏற்பாடு செய்திருப்பார்கள். மூன்று மாதம் முன்னால், ஐப்பசியிலேயே சொல்லிவிடுங்கள்: ‘இந்த வருஷம் மாடித் தளத்தைப் பிரிச்சுப் போடறேன், பெரிய செலவு. தைக்கு வழக்கமா செய்யறதை இந்தத் தடவை செய்ய முடியாது.’ காரணம் உண்மையாக இருந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வீட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் அதன் பதிவையும் கேட்கிறது. நெடுநாள் குடித்தனம் என்றாலே பழைய ஒப்பந்தம் எப்போதோ முடிந்து, வாய்ப்பேச்சில் ஓடிக்கொண்டிருக்கும். சலுகை கொடுக்கும் சந்தோஷமான நேரமே அதைப் புதுப்பிக்கவும் நல்ல நேரம்.

பன்னெண்டு வருஷம் ஒரே ஆள் இருந்தா வீடு அவங்களுக்கே போயிடும்கறாங்களே? நீ தள்ளுபடி வேற குடுத்து உக்கார வைக்கறியான்னு வீட்ல திட்டறாங்க.

போகாது. அந்தப் பன்னிரண்டு வருடக் கணக்கு, உரிமையாளரின் உரிமையை மறுத்து, அவருக்கு எதிராக இடத்தை வைத்திருப்பவருக்கு உரியது. வாடகை கொடுத்து இருப்பவர் நீங்கள்தான் உரிமையாளர் என்பதை ஒப்புக்கொண்டுதான் இருக்கிறார். எத்தனை வருடம் ஆனாலும் அது மாறாது. நம் பக்கம் இந்தப் பயம் அதிகமாக இருக்கக் காரணம் வயல். 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் சாகுபடி செய்கிறவரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி காக்கிறது. குத்தகை நிலத்தில் பார்த்ததை வீட்டுக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். வீட்டு வாடகைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

ஏழாவது கேள்வியில் சொன்ன சீட்டு இந்த இடத்தில் உங்களுக்குக் கூடுதல் காப்பு. ‘வாடகையில் இவ்வளவு விட்டுக்கொடுத்தேன்’ என்பதில் அவர்கள் கையெழுத்து இருந்தால், அவர்கள் வாடகைக்கு இருப்பதற்கு அதுவே சான்று. ஆபத்து எங்கே என்றால், பழக்கத்தின் பேரில் மாதக்கணக்காக வாடகையே வாங்காமல், ரசீதும் இல்லாமல் விடுவதில்தான். முழு மாத வாடகையை விட்டுக்கொடுத்தாலும் சீட்டு எழுதி வையுங்கள்.

குழாய் மாத்தினது, மோட்டார் ரிப்பேர் எல்லாம் அவங்களே பாத்துக்கிட்டாங்க. அதையே தள்ளுபடின்னு கழிச்சுக்கட்டுமா?

அது தள்ளுபடி இல்லை, நீங்கள் அவர்களுக்குத் தர வேண்டிய கடன். இரண்டையும் கலந்தால் நல்ல எண்ணம் அங்கேயே கெட்டுப்போகும். வீட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையே வேலைகளைப் பிரித்திருக்கிறது. வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்கு வர்ணம், குழாய் வரிசை மாற்றுவது, மின்கம்பி வேலை, கட்டடப் பழுது ஆகியவை வீட்டுக்காரருக்கு. தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, தாழ்ப்பாள், பூட்டு மாதிரியானவை குடியிருப்பவருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்க வேலையை அவர்கள் செய்திருந்தால் ரசீதைப் பார்த்து முழுத் தொகையையும் அந்த மாத வாடகையிலேயே கழியுங்கள். தன் பக்க வேலையைச் சொல்லாமலே செய்துகொண்டு வருகிறவர் என்றால், அதற்குத்தான் இந்தச் சலுகை.

பணமா குடுக்காம, கரண்ட் பில்லை நான் கட்டிடறேன்னு சொல்லலாமா?

வேண்டாம். தொகை உங்கள் கையில் இருக்காது. சித்திரை, வைகாசியில் ஏ.சி. ஓடினால் இரண்டு மாதப் பில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஏன் இவ்வளவு வந்தது என்று கேட்டால் கொடுத்த பெயரும் போய்விடும்.

ஒரே காம்பவுண்டுல நாலு குடித்தனம். ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா மத்தவங்க கேக்க மாட்டாங்களா?

கேட்பார்கள். மறைக்கவும் முடியாது, கிணற்றடியில் சாயங்காலமே தெரிந்துவிடும். ஆளுக்கு ஏற்ற சலுகையாக இல்லாமல் நாலு பேருக்கும் பொதுவான விதியாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்று வருடம் நிறைந்திருக்க வேண்டும், வாடகை பத்தாம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும், பழுதை உடனே சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றும் போதும். ‘எனக்கு ஏன் இல்லை?’ என்று கேட்பவருக்கு எது குறைந்தது என்று ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத காரணத்தை விதியில் வைக்காதீர்கள்.

பொதுவான மாடியை ஒரு குடும்பமே வழித்துப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிறது என்றால் அதைச் சலுகையாகச் செய்யாமல், மாடிப் பராமரிப்புக்கு மாதம் இவ்வளவு என்று தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

வீடு அண்ணன் தம்பி மூணு பேர் பேர்ல இருக்கு. வாடகைய நான்தான் வாங்கறேன். நானே சலுகை குடுத்துடலாமா?

மற்ற இருவரிடமும் கேட்டுக்கொண்டு கொடுங்கள். 4,000 ரூபாயில் உங்கள் பங்கு 1,333 சொச்சம்தான், மீதி அவர்கள் பணம். குடும்ப வாட்ஸ்அப்பில் ‘தை மாதம் பாதி வாடகை விடலாமா?’ என்று ஒரு வரி போட்டுப் பதில் வாங்கினால் போதும். வெளியூரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் பங்கிலிருந்து மட்டும் கொடுங்கள்.

வீடு கோயில் அடிமனையில் இருந்தால், தேவஸ்தானத்துக்கு நீங்கள் கட்டும் மனை வாடகையை முதலில் கழித்துவிட்டு, மீதியில் பாதி என்று கணக்கு வையுங்கள். நீங்கள் சலுகை கொடுத்தீர்கள் என்பதற்காக அது குறையாது.

ஒத்திக்கு விட்ட வீடு. மாச வாடகையே கெடையாது. அவங்களுக்கு என்ன பண்றது?

இரண்டு வழி உண்டு. ஒத்திப் பத்திரம் புதுப்பிக்கும்போது அக்கம்பக்கத்தில் தொகை ஏறியிருந்தாலும் நீங்கள் கூடுதலாகக் கேட்காமல் பழைய தொகைக்கே விடலாம். அல்லது ஆறாவது கேள்வியில் சொன்னபடி பொருளாகக் கொடுக்கலாம். ‘போகும்போது கூட இருபதாயிரம் போட்டுத் தரேன்’ என்று மட்டும் வாய் கொடுக்காதீர்கள். ஒத்தித் தொகையைத் திருப்புவதே பலருக்கு மூச்சு முட்டும் காரியம். அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய நன்மை, சொன்ன தேதியில் முழுத் தொகையும் கையில் இருப்பதுதான்.

என் வாடகை ஏற்கெனவே அக்கம்பக்கத்த விட ரெண்டாயிரம் கம்மி. அதுக்கு மேலயும் தள்ளுபடி குடுக்கணுமா?

பணமாகக் கொடுக்க வேண்டாம். வருடத்துக்கு 24,000 ரூபாய் நீங்கள் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதல் கேள்வியில் சொன்ன 4,000 ரூபாயைப் போல இது ஆறு மடங்கு. ஆனால் அது சலுகை என்று அவர்களுக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. தெருவில் ஒரு வீடு காலியாகி, அங்கே 10,000 சொல்கிறார்கள் என்பதை அவர்களே விசாரித்துக்கொள்ளட்டும். அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது, ‘இதே மாதிரி வீடு பத்தாயிரம் போகுது. நீங்க வீட்டைப் பாத்துக்கறதாலதான் நான் எட்டாயிரத்துக்கே விட்டிருக்கேன்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இடைவெளியை ஓரளவு அடைக்க நினைத்தால் ஒரே தாவலில் 2,000 ஏற்றாதீர்கள். 8,000 ரூபாய் கொடுக்கிறவருக்கு அது கால் பங்கு உயர்வு, நீங்கள் போகச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்திலேயே வருடம் 600 என்று எழுதினால் மூன்றாம் வருடம் 9,800 ஆகிவிடும். அந்த மூன்று வருடமும் தை மாதம் ஒரு மூட்டை அரிசி கொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பேசாமல், உயர்வை ஆவணியில் பேசி முடித்துவிடுங்கள். அரிசி தையில் தனியாகப் போகட்டும்.